8.5 ஓவர் என்றால் எட்டரை ஓவர் இல்லை: ஊர் மேட்சுக்கு ஸ்கோர் எழுத வரும் புதியவர்களுக்கு

ஸ்கோர் நோட்டை முதல் தடவை கையில் வாங்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ரன் கூட்டுவது, விக்கெட் குறிப்பது, யார் ஸ்ட்ரைக்கில் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வது எல்லாம் இரண்டு மேட்ச் உட்கார்ந்தாலே பழகிவிடும். பழகாத இடம் ஒன்று உண்டு. மேட்ச் முடிந்து, மைக்கில் முடிவைச் சொல்வதற்கு முன்னால் கிடைக்கும் அந்தப் பத்து நிமிஷத்தில், ஓவரையும் பாலையும் தசமக் கணக்குக்கு மாற்றும் இடம். அதை எப்படிச் செய்வது என்பதை நான் கற்றுக்கொண்ட அந்த ஒரு நாளை வைத்தே சொல்கிறேன், அப்போதுதான் மனதில் நிற்கும்.

எங்கள் ஊர் வந்தவாசிக்கும் செய்யாற்றுக்கும் நடுவில் இருக்கிறது. மே மாதம் ஏரி வற்றியதும் ஏரிக்குள்ளேயே பிட்ச் போட்டு டென்னிஸ் பால் டோர்னமென்ட் நடத்துவார்கள். பத்து ஓவர் மேட்ச், ஒரு பவுலருக்கு அதிகபட்சம் இரண்டு ஓவர். ஒரு குரூப்பில் மூன்று டீம், குரூப்பில் முதலில் வரும் ஒரு டீம் மட்டும் அடுத்த சுற்றுக்குப் போகும். ஸ்கோர் எழுதுவது ஒரு மாமா, இருபது வருஷத்துக்கு மேலாக அவர்தான் எழுதுகிறார். அந்த வருஷம் அவருக்குக் கண் சரியில்லை என்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். போனில் கால்குலேட்டர் தட்டுவது என் வேலை.

அன்றைக்கு எங்கள் குரூப்பில் மேலத்தெரு, ஏரிக்கரை, பக்கத்து ஊர் என்று மூன்று டீம். முதல் மேட்சில் மேலத்தெரு பத்து ஓவரில் 80 அடித்தது, ஏரிக்கரை 8.5 ஓவரில் 81 அடித்து ஜெயித்தது. இரண்டாவது மேட்சில் பக்கத்து ஊர் பத்து ஓவரில் 76, பதிலுக்கு ஏரிக்கரை பத்து ஓவர் முழுக்க ஆடியும் 71தான். மூன்றாவதில் மேலத்தெரு பத்து ஓவரில் 90 அடித்தது, பக்கத்து ஊர் 9.2 ஓவரில் 72க்கு ஆல் அவுட். ஆளுக்கு ஒரு வெற்றி, ஒரு தோல்வி. மூன்று டீமுக்கும் ஒரே பாயிண்ட். அப்படியானால் நெட் ரன் ரேட்தான் பேசும்.

நெட் ரன் ரேட் என்றால் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒரு டீம் ஓவருக்கு எத்தனை ரன் அடித்தது, அதில் எதிர் டீமுக்கு ஓவருக்கு எத்தனை ரன் கொடுத்தது என்பதைக் கழித்தால் வருவது அது. நான் உடனே போனை எடுத்து, ஏரிக்கரை டீமுக்கு 8.5உம் 10உம் கூட்டி 18.5 என்று போட்டேன். இரண்டு மேட்சிலும் அவர்கள் அடித்த ரன் 81 + 71, மொத்தம் 152. 152 ÷ 18.5 = 8.216. கொடுத்தது 80 + 76, அதாவது 20 ஓவரில் 156, ஓவருக்கு 7.8. கழித்தால் +0.416. அதே முறையில், பக்கத்து ஊருக்குப் பத்து ஓவர் என்றே வைத்து, மேலத்தெருவுக்கு +0.230 வந்தது. "மாமா, ஏரிக்கரைதான்" என்று சொல்லிவிட்டேன். மைக் பிடித்திருந்த அண்ணன் காதில் விழுந்து, அவர் சுவிட்சைப் போடப் போனார்.

மாமா கையைக் காட்டி நிறுத்தினார். "எட்டு ஓவர் அஞ்சு பால்டா அது. அஞ்சு பால் அரை ஓவரா? அரை ஓவருக்கு எத்தனை பால், சொல்லு."

மூன்று பால். அங்கேதான் எனக்கு உறைத்தது.

புள்ளிக்குப் பின்னால் இருப்பது பால், பத்தில் ஒரு பங்கு இல்லை

ஸ்கோர் நோட்டில் 8.5 என்று எழுதுவது பார்வைக்குத் தசம எண் மாதிரி இருக்கிறது, ஆனால் அது தசமமே இல்லை. புள்ளிக்கு இடது பக்கம் முடிந்த ஓவர், வலது பக்கம் அடுத்த ஓவரில் போட்ட பால். நடுவில் இருக்கும் புள்ளி வெறும் பிரிப்புக் கோடு. கடிகாரத்தில் 8.50 மணி என்றால் எட்டரை மணி என்று யாரும் நினைப்பதில்லை அல்லவா, அதே மாதிரிதான். ஓவருக்கு ஆறு பால் என்பதால் வலது பக்கத்து எண்ணை ஆறால் வகுத்தால்தான் உண்மையான பின்னம் கிடைக்கும். ஒரு பால் என்றால் 0.167, இரண்டு பால் 0.333, மூன்று பால் 0.5, நான்கு பால் 0.667, ஐந்து பால் 0.833. இந்த ஐந்து எண்ணையும் நோட்டின் உள் அட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள். மாமாவின் நோட்டில் பச்சை மையில் எழுதியிருந்தது, அதன்மேல் டீ கொட்டின கறை.

அப்படியானால் 8.5 ஓவர் என்பது 8.833. கால்குலேட்டரில் 8.5 என்றே போட்டால் ஒரு ஓவரில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது இரண்டு பால், காணாமல் போகிறது. ஐந்து பாலில் முடிந்த இன்னிங்ஸுக்குத்தான் இந்தத் தப்பு அதிகம், ஒரு பாலில் முடிந்தால் ரொம்பக் குறைவு. அதனால்தான் பல பேருக்கு இது கண்ணில் படுவதே இல்லை. பத்து மேட்சில் ஒன்பதில் தப்பாகப் போட்டாலும் டீம் வரிசை மாறாது, பத்தாவதில் மாறிவிடும்.

இந்தத் தப்பு ஒரு பக்கமாகவே சாயும் என்பதையும் கவனியுங்கள். ஓவர் எண்ணிக்கை எப்போதும் உண்மையைவிடக் குறைவாகத்தான் விழும். அதனால் சேஸ் செய்து ஜெயித்த டீம் இன்னும் வேகமாக அடித்த மாதிரி தெரியும், பந்து போட்ட டீம் இன்னும் மோசமாகக் கொடுத்த மாதிரி தெரியும். எங்கள் கணக்கில் நடந்ததும் அதுதான். ஒரே ஒரு 8.5, ஏரிக்கரையை மேலே தூக்கி, அதே நேரம் மேலத்தெருவைக் கீழே இறக்கிவிட்டது.

முதல் வேலை: எல்லாவற்றையும் பாலாக மாற்றுங்கள்

தசமத்துக்கு நேராகப் போகாதீர்கள். மாமா எனக்குச் சொன்ன வழி, நான் இன்றுவரை விடாமல் பிடித்திருக்கும் வழி, முதலில் பால் எண்ணிக்கைக்கு இறங்குவது. முடிந்த ஓவரை ஆறால் பெருக்கி, மிச்சப் பாலைக் கூட்ட வேண்டும். 8.5 ஓவர் என்றால் 8 × 6 = 48, கூட 5, மொத்தம் 53 பால். பத்து ஓவர் 60 பால். பாலைக் கூட்டினால் சாதாரணக் கூட்டல்தான், எந்தக் குழப்பமும் வராது. 53 + 60 = 113.

இதே வேலையை ஓவராகவே வைத்துக்கொண்டு செய்தால் சில நேரம் தப்பு வரும், சில நேரம் வராது, அதுதான் ஆபத்து. அன்றைக்கே ஒரு உதாரணம் கிடைத்தது. மூன்றாவது மேட்சில் ஒரு பவுலர் முதல் ஓவரை முடித்துவிட்டு, இரண்டாவது ஓவரில் நான்கு பால் போட்டதும் தொடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மிச்சம் இரண்டு பாலை இன்னொருத்தர் வந்து போட்டார். முதல் ஆள் கணக்கு 1.4, இரண்டாவது ஆள் 0.2. கால்குலேட்டரில் கூட்டினால் 1.6. அப்படி ஒரு ஓவரே கிடையாது, அது இரண்டு ஓவர். 10 பாலும் 2 பாலும் 12 பால், 12 ÷ 6 = 2. புள்ளிக்குப் பின்னால் 6, 7, 8, 9 என்று எங்கேயாவது பார்த்தால் கை வைத்து நிறுத்துங்கள், யாரோ பாலைத் தசமமாகக் கூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். (ஆஸ்திரேலியாவின் பழைய ஸ்கோர் கார்டு படிக்கும்போது புள்ளிக்குப் பின்னால் 6, 7 வரலாம். அங்கே 1978-79 சீசன் வரைக்கும் ஓவருக்கு எட்டு பால்.)

பாலை எண்ணும்போது வைடும் நோ-பாலும் சேராது. ரன் கணக்கில் சேரும், பால் கணக்கில் சேராது. ஓவர் கட்டத்துக்குள் எட்டுக் குறி இருந்தால் எட்டு பால் என்று எண்ணிவிடாதீர்கள், அதில் இரண்டு வைடு இருந்தால் அது ஆறு பால் ஓவர்தான். முக்கியமாகக் கடைசி ஓவர், முடியாமல் பாதியில் நின்ற ஓவர், அதை மட்டும் பேனா முனையை வைத்துத் திரும்ப எண்ணுங்கள். முழு ஓவரில் தப்பு இருந்தால் அம்பயரே கூப்பிட்டிருப்பார், பாதி ஓவரை யாரும் சரிபார்ப்பதில்லை. சில ஊர் டோர்னமென்டில் வைடுக்கு ரன் மட்டும் உண்டு, திரும்பப் பால் கிடையாது என்று கமிட்டி விதி வைத்திருப்பார்கள். அங்கே வைடும் ஒரு பாலாக எண்ணப்படும். டாஸுக்கு முன்னாலேயே இதைக் கேட்டு நோட்டின் மேல் மூலையில் எழுதிக்கொள்ளுங்கள், மேட்ச் முடிந்த பிறகு கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும்.

எண்ணியது சரிதானா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பவுலர்கள் ஒவ்வொருவரும் போட்ட பாலைத் தனியாகக் கூட்டுங்கள், அது இன்னிங்ஸின் மொத்தப் பாலுக்குச் சமமாக வர வேண்டும். முதல் மேட்சில் மேலத்தெரு பவுலர்கள் மூன்று பேர் ஆளுக்கு இரண்டு ஓவர், ஒருவர் ஒரு ஓவர், கடைசி ஆள் 1.5. அதாவது 12 + 12 + 12 + 6 + 11, மொத்தம் 53. இன்னிங்ஸ் கணக்கும் 53. சரி, மேலே போகலாம். ஒன்று கூடவோ குறையவோ வந்தால் வகுத்தலைத் தொடவே தொடாதீர்கள், முதலில் அந்தப் பாலைத் தேடுங்கள். பெரும்பாலும் அது ஏதாவது ஒரு நோ-பால் கட்டத்தில்தான் ஒளிந்திருக்கும்.

இரண்டாவது: ஆல் அவுட் ஆன டீமுக்கு முழு ஓவர்

மாமா நிறுத்தியதும் நான் திரும்பக் கணக்குப் போட ஆரம்பித்தேன். முதலில் பத்து ஓவர் என்று வைத்திருந்த பக்கத்து ஊருக்கு, 9.2 ஓவரில் ஆல் அவுட் என்பதால் இந்தத் தடவை 9 × 6 + 2 = 56 பால் என்று எழுதினேன். பாலாக மாற்றியது சரி, ஆனாலும் தப்பு.

பத்து விக்கெட்டும் விழுந்துவிட்டால், எத்தனை பாலில் விழுந்தது என்பதை நெட் ரன் ரேட்டில் பார்ப்பதில்லை, அந்த டீமுக்குக் கொடுத்திருந்த முழு ஓவரையும் ஆடியதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். சர்வதேச மேட்சிலும் இதே விதிதான். ஏன் என்று யோசித்தால் நியாயம் புரியும். 72 ரன்னை 56 பாலால் வகுத்தால் ஓவருக்கு 7.71, 60 பாலால் வகுத்தால் 7.2. சீக்கிரம் அவுட் ஆனதற்காக ஒரு டீமின் ரன் ரேட் ஏறவும் கூடாது, அவுட் ஆக்கிய பவுலர்களின் கணக்கு கெடவும் கூடாது. அதனால் பக்கத்து ஊருக்கு 60 பால்.

இதே விதியைத் தப்பான இடத்தில் போட்டுவிடாதீர்கள். ஜெயித்த டீம் சேஸை 8.5இல் முடித்தால் அது 53 பால்தான், 60 இல்லை. அவர்கள் அவுட் ஆகி நிற்கவில்லை, வேலை முடிந்து நின்றார்கள். ஆல் அவுட்டா, சேஸ் முடிந்ததா என்பதை ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் எதிரே ஒரு வார்த்தையில் எழுதிவிட்டுப் பிறகு பால் எண்ணிக்கையைப் போடுங்கள். ஸ்கோர் நோட்டில் 9.2 என்றே இருக்கட்டும், அது நடந்தது. கணக்குத் தாளில் மட்டும் 60.

மூன்றாவது: கூட்டிவிட்டு ஒரே ஒரு தடவை வகுங்கள்

இப்போது இரண்டு டீமுக்கும் நாலு நாலு எண் கையில் இருக்கிறது: அடித்த ரன், ஆடிய பால், கொடுத்த ரன், போட்ட பால். ரன்னை ஆறால் பெருக்கி, பாலால் வகுத்தால் ஓவருக்கு எத்தனை ரன் என்று வந்துவிடும். 18.833 என்ற தசமத்தை எழுதவே தேவையில்லை. அதை 18.83 என்று சுருக்கி எழுதி, அதனால் வகுத்து, அதையும் சுருக்கி என்று போனால் கடைசி இலக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துவிடும். ஆறால் பெருக்கி ஒரே தடவை வகுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

ஏரிக்கரை அடித்தது 113 பாலில் 152. 152 × 6 ÷ 113 = 8.071. கொடுத்தது 120 பாலில் 156, அதாவது 7.8. நெட் ரன் ரேட் +0.271.

மேலத்தெரு அடித்தது 80 + 90, 120 பாலில் 170, ஓவருக்கு 8.5. (இந்த 8.5 நிஜமான எட்டரை, ரன் என்பதால்.) கொடுத்தது 81 + 72, மொத்தம் 153. அதற்குப் போட்ட பால் 53 + 60, மொத்தம் 113. 153 × 6 ÷ 113 = 8.124. நெட் ரன் ரேட் +0.376.

மேலத்தெருதான் மேலே. நான் முதலில் சொன்னதற்கு நேர் எதிர். பக்கத்து ஊர் அடித்தது 148, கொடுத்தது 161, இரண்டும் 120 பாலில், −0.65, அவர்கள் போட்டியிலேயே இல்லை.

கையில் ஐந்து நிமிஷம்தான் இருந்தது, ஆனாலும் மாமா என்னை விடவில்லை. கமிட்டியில் ஒரு அண்ணன் எட்டிப் பார்த்து, ஒவ்வொரு மேட்சுக்கும் தனித்தனியாகப் போட்டுச் சராசரி எடுத்தால் சுலபமாச்சே என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது, போட்டுப் பார்த்தோம். ஏரிக்கரைக்கு முதல் மேட்சில் +1.170, இரண்டாவதில் −0.5, சராசரி +0.335. மேலத்தெருவுக்கு −1.170, பிறகு +1.8, சராசரி +0.315. திரும்பவும் ஏரிக்கரை மேலே! பால் கணக்கு எல்லாம் சரி, ஆல் அவுட் விதி சரி, இருந்தும் முடிவு மாறுகிறது.

காரணம், 53 பால் ஆடிய இன்னிங்ஸுக்கும் 60 பால் ஆடிய இன்னிங்ஸுக்கும் சராசரி ஒரே மதிப்பு கொடுத்துவிடுகிறது. நெட் ரன் ரேட் என்பது மொத்த ரன்னை மொத்தப் பாலால் வகுப்பது. மேட்சுக்கு மேட்ச் வந்த விடையைக் கூட்டி வகுப்பது வேறு கணக்கு. ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் ரன் ரேட்டை மட்டும் எழுதி வைத்துவிட்டு ரன்னையும் பாலையும் எழுதாமல் விட்டால், கடைசியில் சராசரி எடுப்பதைத் தவிர வழி இருக்காது. அதனால் டோர்னமென்ட் முழுக்க ஒரு பக்கத்தில் ரன், பால், ரன், பால் என்று நாலு வரிசை ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

ஆல் அவுட் விதியை மறந்து 56 பால் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். மேலத்தெரு கொடுத்தது 109 பாலில் 153 என்றாகி, நெட் ரன் ரேட் வெறும் +0.078. மூன்று தப்பில் எதைச் செய்திருந்தாலும் தப்பான டீம்தான் அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும்.

போனிலோ கம்ப்யூட்டரிலோ போடுகிறவர்களுக்கு

இப்போது நான் ஸ்ப்ரெட்ஷீட்டில்தான் போடுகிறேன். ஓவருக்கு ஒரு கட்டம், பாலுக்கு ஒரு கட்டம் என்று பிரித்து வைப்பது எல்லாவற்றையும்விட நல்லது. ஆனால் மற்றவர்கள் 8.5 என்று ஒரே கட்டத்தில் எழுதி அனுப்புவார்கள். A2 கட்டத்தில் அது இருந்தால், B2இல் பாலாக மாற்ற இதைப் போடுங்கள்:

```
=INT(A2)*6+ROUND(MOD(A2,1)*10,0)
```

நடுவில் இருக்கும் ROUND முக்கியம், அதை எடுத்துவிடாதீர்கள். கம்ப்யூட்டருக்கு 8.2 என்ற எண் உள்ளுக்குள் அச்சாக 8.2ஆக நிற்காது. முழு எண்ணைக் கழித்தால் 0.1999999 மாதிரி வரலாம், அதைப் பத்தால் பெருக்கி முழு எண் பகுதியை மட்டும் எடுத்தால் இரண்டு பால் ஒரு பாலாகிவிடும். அட்டவணை முழுக்கச் சரியாக இருந்து ஒரே ஒரு வரியில் மட்டும் ஒரு பால் குறைந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பாலிலிருந்து திரும்ப ஓவராக எழுத:

```
=INT(B2/6)&"."&MOD(B2,6)
```

இது எழுத்தாகத்தான் வரும், எண்ணாக வராது. அது நல்லதற்குத்தான், SUM போட்டால் அந்தக் கட்டம் கூட்டலில் சேராது. ஆனால் அதை நேராகப் பெருக்கினாலோ வகுத்தாலோ ஸ்ப்ரெட்ஷீட் எண்ணாகவே எடுத்துக்கொள்ளும், அதனால் கணக்குக்கு எப்போதும் பால் கட்டத்தையே எடுங்கள்.

பவுலரின் எகானமிக்கும் இதே வழிதான். அந்த 1.5 ஓவர் போட்டவர் கொடுத்தது 19 ரன். 19 × 6 ÷ 11 = 10.36. இன்னொருவர் இரண்டு ஓவரில் 22, அதாவது 11. கால்குலேட்டரில் நேராக 19 ÷ 1.5 போட்டால் 12.67 வந்து, நன்றாகப் போட்ட ஆள் பின்னால் போய்விடுவார். எகானமியை வைத்து பெஸ்ட் பவுலர் கப் கொடுக்கிற டோர்னமென்டில் இது சின்ன விஷயம் இல்லை. இங்கே வைடு, நோ-பால் ரன்னும் பவுலர் கொடுத்த ரன்னில் சேரும், பைஸும் லெக் பைஸும் சேராது.

ஏன் இதை மேட்ச் முடிவதற்கு முன்னாலேயே போட வேண்டும்

ஊர் மேட்சில் மட்டும்தான் இப்படி நடக்கும் என்று நினைக்க வேண்டாம். 2023 செப்டம்பர் 5, லாகூரில் ஆசியக் கோப்பை மேட்ச். இலங்கை 291 அடித்தது. ஆப்கானிஸ்தான் 37.1 ஓவருக்குள், அதாவது 223 பாலுக்குள், 292 எடுத்தால் இலங்கையைத் தாண்டி அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்று கணக்கு. 37.1 வந்தபோது அவர்கள் 289, அந்தப் பாலில் ஒன்பதாவது விக்கெட் விழுந்தது. கதை முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள். ஆனால் முடியவில்லை. சேஸை முடிக்கிற அடி சிக்ஸராக இருந்தால் மொத்தம் 295 ஆகும், அந்தக் கூடுதல் மூன்று ரன்னும் ரன் ரேட்டில் சேரும். 295 என்றால் 37.5 வரைக்கும், 227 பால் வரைக்கும், நேரம் இருந்தது. நான்கு பாலில் ஒரே ஒரு சிக்ஸர் போதும். அது தெரியாமல், மறுமுனையில் ரஷித் கான் நிற்க, கடைசி ஆட்டக்காரர் இரண்டு பாலைத் தடுத்து ஆடி, 37.4இல் எல்பிடபிள்யூ ஆனார். இரண்டு ரன்னில் தோல்வி. அந்தக் கணக்கு எங்களுக்குச் சொல்லப்படவில்லை என்று அவர்களின் அப்போதைய பயிற்சியாளர் ஜோனதன் டிராட் பிறகு சொன்னார்.

இதைப் படித்ததிலிருந்து நான் கடைசி லீக் மேட்சின் இரண்டாவது இன்னிங்ஸ் தொடங்குவதற்கு முன்னாலேயே ஒரு சின்னத் தாளில் எழுதி இரண்டு கேப்டன்களுக்கும் கொடுத்துவிடுகிறேன்: எத்தனை பாலுக்குள் முடித்தால் மேலே போகலாம், ஃபோரில் முடிந்தால் எத்தனை பால், சிக்ஸரில் முடிந்தால் எத்தனை பால். பாலாகவே எழுதுவேன், ஓவராக எழுதுவதில்லை. ஆடுகிறவனுக்கு அதுதான் வேண்டும்.

கடைசியாக, சுருக்கத்தில் என்ன எழுதுவது

மைக்கில் சொல்வதற்கும் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதற்கும் எழுதும் மேட்ச் சுருக்கத்தில் தசமம் வரக்கூடாது. "ஏரிக்கரை 81, 8.5 ஓவர்" என்றுதான் எழுத வேண்டும், 8.833 என்று எழுதினால் கேட்கிறவர்களுக்கு ஒன்றும் விளங்காது. நெட் ரன் ரேட்டை மட்டும் மூன்று தசம இலக்கத்தோடு, கூட்டல் கழித்தல் குறி போட்டு எழுதுங்கள். பால் கணக்குத் தாளைக் கிழித்துப் போடாமல் நோட்டுக்குள்ளேயே செருகி வையுங்கள், யாராவது கட்டாயம் கேட்பார்கள்.

அன்றைக்கும் கேட்டார்கள். மேலத்தெரு போகிறது என்று அறிவித்ததும் ஏரிக்கரை கேப்டன் நேராக எங்கள் மேஜைக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது, பின்னால் நாலு பேர். நாங்கள் சீக்கிரம் சேஸ் பண்ணி ஜெயித்தோமே, அது எப்படி நாங்கள் கீழே போவோம் என்றார். மாமா பதில் ஒன்றும் பேசவில்லை. நோட்டை அவர் பக்கம் திருப்பி, என் கையிலிருந்த பேனாவை வாங்கி அவரிடம் கொடுத்தார். "எண்ணிப் பாருப்பா, ஒம்பதாவது ஓவர்ல இருந்து."

அவர் நின்றபடியே எண்ணினார். ஒரு டாட், ஒரு சிங்கிள், வைடைத் தாண்டி ஒரு ஃபோர், ஒரு சிங்கிள், கடைசியில் ஜெயித்த அந்த இரண்டு ரன். ஐந்து பால். முன்னால் எட்டு ஓவர், 48. பிறகு என் தாளை எடுத்து 53, 113 என்று இறங்கிக்கொண்டே வந்து, போனில் அவரே தட்டிப் பார்த்தார். +0.271. திரும்ப ஒரு தடவை தட்டினார். அப்புறம் பேனாவை மூடாமலே தாளின் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தன் பசங்களைப் பார்த்து, வண்டியை எடுங்கடா என்றார்.